பொருள்: பணி விலகல் – செ. கவிதா, ஸ்டாஃப் நர்ஸ், மருத்துவ ஐ.சி.யு. (கடைசிப் பணிநாள் 30.10.2025)

மதிப்பிற்குரிய நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் அவர்களுக்கு,

வணக்கம்.

எம்.எஸ்சி. நர்சிங்கில் மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டாண்டு முழுநேரப் படிப்பு; நவம்பர் முதல் வாரத்தில் வகுப்பு தொடங்குகிறது. ஆகவே இன்று 01.10.2025 முதல் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பணியிலிருந்து விலகுகிறேன். அக்டோபர் 30 பகல் டூட்டியே என் கடைசி டூட்டி. மீதமுள்ள விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழிக்கக் கேட்கவில்லை. தீபாவளி வாரத்தில் ஆள் குறையும் என்பதால் அந்த வாரம் என்னை நைட் டூட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பொறுப்பில் உள்ளவற்றை 20-ம் தேதிக்குள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஒப்படைத்துவிடுவேன். மார்ஃபின், ஃபென்டனில் ஆம்பூல்களை ரெஜிஸ்டரோடு வைத்து இருவராக எண்ணி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே அலமாரிச் சாவியைக் கொடுப்பேன். கிராஷ் கார்ட்டில் உள்ள அட்ரினலின் ஆம்பூல்களில் ஒரு பகுதி டிசம்பரில் காலாவதியாகிறது. மாற்று ஸ்டாக்குக்கு இன்றே இன்டென்ட் போட்டிருக்கிறேன். லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரியும் பல்பும் புதிது. சக்ஸினைல்கோலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து என்பதால் ஃபிரிட்ஜ் வெப்பநிலைச் சார்ட் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதப்பட வேண்டும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 4-ம் படுக்கையின் சிரிஞ்ச் பம்ப்பில் சார்ஜ் நிற்பதில்லை. ப்ளக்கில் இருக்கும்வரை நன்றாக ஓடும். ஸ்கேனுக்கு நோயாளியைக் கொண்டுபோகும்போது வழியிலேயே அணைந்துவிடும். நார்அட்ரினலின் அதில் ஓடிக்கொண்டிருந்தால் பிரஷர் உடனே இறங்கிவிடும். பயோமெடிக்கலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேட்டரி மாற்றும்வரை டிரான்ஸ்ஃபருக்கு அதை எடுக்க வேண்டாம் என்று பம்ப்பிலேயே லேபிள் ஒட்டியிருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு தங்கைகளுக்கும் வென்டிலேட்டர் அலாரம், ஏ.பி.ஜி. சாம்பிள் எடுப்பது இரண்டையும் நான் போவதற்குள் கூடவே நின்று செய்யவைத்துவிடுகிறேன்.

ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் 30-ம் தேதியே கிடைத்தால் கல்லூரியில் சேர உதவியாக இருக்கும். அனுபவச் சான்றிதழில் பணியில் சேர்ந்த நாள் (06.06.2022), விலகும் நாள், ஐ.சி.யு. பணி மூன்றும் இடம்பெற வேண்டுகிறேன். நோ டியூஸ் படிவத்தில் ஸ்டோர், லைப்ரரி, ஹாஸ்டல் கையெழுத்துகளை முன்கூட்டியே வாங்கிவிடுவேன்.

பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின் எதுவானாலும் இன்னொருவர் லேபிளை வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்காமல் ஏற்றக்கூடாது என்று முதல் வாரத்தில் நீங்கள் பழக்கிவிட்டது இன்றுவரை என் கையில் நிற்கிறது, மேடம். மேலே படிக்கும் தைரியமும் உங்களிடமிருந்து வந்ததுதான். உங்களுக்கும் டாக்டர்களுக்கும் ஐ.சி.யு. சிஸ்டர்கள், அட்டெண்டர் அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

விலகலை ஏற்றுக்கொண்டு பதில் அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செ. கவிதா
ஸ்டாஃப் நர்ஸ், மருத்துவ ஐ.சி.யு.

நகல்: மனிதவளப் பிரிவு, ஐ.சி.யு. இன்சார்ஜ் சிஸ்டர்