கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: கோயில் மேளமும் நாயனமும் மணியும்
(ஒன்பது நிமிட வீடியோவுக்கான வசனமும் ஒலிக்குறிப்பும்)

0:00
திரை: முழுக் கறுப்பு.
ஒலி: வெண்கல மணி ஒரே சீராக. அதன் மேல் தவில். நாதஸ்வரம் மெல்லத் தொடங்கி மேலே ஏறுகிறது. பத்து விநாடிகள். சட்டென்று எல்லாம் நிற்கிறது.

குரல்: இப்போது கேட்டீர்களே, கோயிலில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை. நானும் சில வருடங்களுக்கு முன்பு வரை சொல்லியிருக்க மாட்டேன். என் பாட்டி சொல்லிவிடுவாள். அவள் வீடு சன்னிதித் தெருவில் இருந்தது. சமையலறையை விட்டு வெளியே வராமலேயே, "சாயரட்சை தீபாராதனை ஆயிண்டிருக்கு, விளக்கை ஏத்து" என்பாள். கடிகாரம் பார்க்க மாட்டாள். காது போதும்.

ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த வீடியோவில் படத்தைவிட ஒலிக்குத்தான் வேலை அதிகம்.

0:55
திரை: விடியற்காலை. காவிரிக் கரையோரச் சிவன் கோயில் ஒன்று. கோபுரத்தின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம்.
ஒலி: காகம், தூரத்தில் பேருந்து. பிறகு நாதஸ்வரத்தில் பூபாளம், தவில் இல்லாமல்.

குரல்: காலையில் பூபாளம், பௌளி. இரவு நடை சாத்தும்போது நீலாம்பரி. இந்தப் பொழுதுக்கு இந்த ராகம் என்று ஒரு கணக்கு உண்டு. வாசிப்பவரைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் விடியற்காலையில் யாரும் நீலாம்பரியைத் தொட மாட்டார்கள். இப்போதுதான் எழுப்பிய சாமியைத் திரும்பத் தூங்க வைத்த மாதிரி ஆகிவிடும்.

1:35
திரை: மண்டபத் தூணோரம். பெரியவர் ஒருவர் நாதஸ்வரத்தை மடியில் கிடத்தியிருக்கிறார். அருகில் காட்டுங்கள்: கருத்த மரக்குழல், நூலில் தொங்கும் நான்கைந்து சீவாளிகள், ஒரு ஊசி.
ஒலி: அவர் சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து ஊதிப் பார்க்கும் கீச்சுச் சத்தம்.

குரல்: இந்தச் சின்னஞ்சிறு நாணல் துண்டுதான் சீவாளி. இரண்டு இதழ் சேர்ந்தது. எச்சிலில் ஊறி நனைந்தால்தான் பேசும். அடியில் இருக்கும் குழல் ஆச்சா மரம். தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் இதைக் கடையும் குடும்பங்கள் உண்டு. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நுனியில் விரிந்திருப்பது அணசு. விரலுக்கு ஏழு துளைகள். அவற்றுக்கு நடுவே வரும் நுணுக்கமான சுரங்களை மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டாலும்தான் கொண்டுவர வேண்டும்.

நான்: "இவ்வளவு சத்தம் எதுக்குங்கய்யா? உள்ளே மூலவருக்குக் கேட்டால் போதாதா?"

பெரியவர்: "மூலவருக்கு நீ மனசுக்குள்ள சொன்னாலே கேட்கும் தம்பி. இது தெருக்கோடி வீட்டுக்கு. சாமி புறப்பட்டாச்சு, வாசல் தெளிச்சுக் கோலம் போடுன்னு சொல்றதுக்கு."

குரல்: பதில் அவ்வளவுதான். திறந்த வெளியில், கூட்டத்தின் நடுவில், நடந்துகொண்டே வாசிக்க வேண்டிய கருவி இது. கச்சேரி மேடை அப்புறம் வந்தது. உயரம் குறைந்து உரத்துப் பேசும் பழைய குழலுக்குத் திமிரி என்று பெயர். இன்று அதிகம் பார்ப்பது நீளமான பாரி. பாரியைப் பரவலாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை.

2:55
திரை: தவில் வித்வானின் கைகள் மட்டும். வலது கை விரல்களில் வெள்ளைக் கூடுகள், இடது கையில் குட்டையான கழி.
ஒலி: முதலில் வலது பக்கம் மட்டும். பிறகு இடது பக்கம் மட்டும். பிறகு இரண்டும்.

குரல்: விரலில் இருப்பது மோதிரம் இல்லை, கூடு. துணியைச் சுற்றிப் பசையில் இறுக வைத்தது. கல்லில் தட்டினால் டக் என்று கேட்கும். பலா மரத்துத் தவில். ஒரு முகத்தை விரலால் பேசவைக்கிறார், மறு முகத்தைக் கழியால் அடிக்கிறார். பக்கத்தில் இருக்கும் தாளக்காரரை யாரும் படம் பிடிப்பதில்லை. அவர் ஒரு தட்டுத் தவறினால் மொத்த ஊர்வலமும் தடுமாறும். இந்த வீடியோவில் அவருக்கு ஐந்து விநாடி கொடுத்திருக்கிறோம்.

ஒலி: தாளம் மட்டும், ஐந்து விநாடி.

3:35
திரை: கருவறை வாசலில் திரை போட்டிருக்கிறது. பக்தர்கள் காத்திருக்கிறார்கள். ஒருவர் போன் பார்க்கிறார்.
ஒலி: திரைக்குப் பின்னால் கைமணி. திரை விலகும் வளையச் சத்தம். உடனே வெளியில் பெரிய மணி, தவில்.

குரல்: குருக்களின் இடது கையைப் பாருங்கள். மணி. வலது கையில் தீபம். சிவன் கோயில் என்பதால் மணியின் பிடியில் நந்தி உட்கார்ந்திருக்கிறது. பெருமாள் கோயில் மணியில் கருடனோ சங்கு சக்கரமோ இருக்கும். அபிஷேகம், தூபம், தீபம், நைவேத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் இது அசையும். பூசை தொடங்கும்போது மணியை அடித்துச் சொல்லும் சுலோகத்தின் பொருள் இது: தேவர்கள் வருவதற்காகவும் அரக்கர்கள் போவதற்காகவும் இந்த ஓசையை எழுப்புகிறேன்.

அரக்கர்களை விடுங்கள், போன் பார்த்தவர் என்ன ஆனார் என்று கவனித்தீர்களா? மணி அடித்ததும் போன் பைக்குள் போய்விட்டது. கை தானாகக் கூப்பிக்கொண்டது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒலி: பெரிய மணி ஒரே ஒரு அடி. ரீங்காரம் அடங்கும் வரை வேறு எதையும் கலக்க வேண்டாம்.

குரல்: செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். அதனால்தான் அடித்த பிறகும் இவ்வளவு நேரம் நிற்கிறது. தகரத்தைத் தட்டினால் தட்டியதோடு சரி.

4:40
திரை: வெளிப் பிரகாரம். பல்லக்குத் தூக்குபவர்கள் தோளில் துண்டை மடித்து வைக்கிறார்கள்.
ஒலி: தவில் மட்டும், சின்னதாக ஒரு முத்தாய்ப்பு. அதைத் தொடர்ந்து நாதஸ்வரத்தில் கம்பீர நாட்டை. மல்லாரி.

குரல்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மல்லாரிக்குப் பாட்டு வரிகள் கிடையாது. தவில் சொற்கட்டைச் சுரத்தில் வாசிப்பது போல இருக்கும். கம்பீர நாட்டை ராகம். உற்சவர் புறப்பாடு என்றால் இதுதான். தெருவில் நிற்பவருக்கு வேறு அறிவிப்பு தேவையில்லை.

மல்லாரி ஒன்று இல்லை, பல. அபிஷேகத்துக்குத் தீர்த்தம் கொண்டுவரும்போது வாசிப்பது தீர்த்த மல்லாரி. மடைப்பள்ளியிலிருந்து பிரசாதம் வரும்போது தளிகை மல்லாரி. தேருக்கு என்று தேர் மல்லாரி. பழகிய காதுக்கு, வருவது தண்ணீர்க் குடமா சோற்றுப் பாத்திரமா என்பது திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

ஒலி: ஒரே மல்லாரி மூன்று காலங்களில். மெதுவாக, அதைவிட இரட்டிப்பாக, அதற்கும் இரட்டிப்பாக.
திரை: நடையைக் காட்டுங்கள். தூக்குபவர்களின் கால்கள் மட்டும்.

குரல்: தோளில் கனம் ஏறியவர்களின் காலைப் பாருங்கள். அவர்கள் யாரும் எண்ணவில்லை. தவில் அவர்களுக்காக எண்ணுகிறது. மூலையில் திரும்பும்போது வாசிப்பு தளர்கிறது, பல்லக்கும் தளர்கிறது. நேர்த்தெருவில் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

திருவிழாக் கொடியேற்றத்தன்று முரசுக்கே பூசை உண்டு. பேரிதாடனம் என்பார்கள். முரசை முழக்கித்தான் தேவர்களை விழாவுக்கு அழைக்கிறார்கள். அழைப்பிதழ் அச்சடிப்பது நமக்கு, அவர்களுக்கு முரசு. அதே விழாவில் நவசந்தி என்று, நடுவில் பிரம்மாவுக்கும் எட்டுத் திக்குக் காவலர்களுக்கும் தனித்தனி ராகமும் தாளமும் வாசிக்கும் வழக்கமும் உண்டு. முழுமையாகச் செய்யும் கோயில்கள் இன்று குறைவு.

6:20
திரை: ஊர் எல்லையில் மாரியம்மன் கோயில். நெருப்பில் பறையைக் காய்ச்சுகிறார்கள். மஞ்சள் துணி, வேப்பிலை.
ஒலி: பறை. பம்பை. பிறகு உடுக்கை, மிக அருகில்.

குரல்: கோயில் வாத்தியம் என்றால் நாதஸ்வரமும் தவிலும் மட்டும்தான் என்று நினைத்தால் பாதிக் கோயில்களை விட்டுவிடுவோம். இங்கே நாயனத்தைவிடத் தோலுக்குத்தான் அதிகாரம். தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுகிறார்கள். ஈரக்காற்றில் தொய்ந்த பறை பேசாது. உடுக்கையின் இடையிலுள்ள கயிற்றை இறுக்கினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். ஏறி இறங்கும் அந்தக் குரலில்தான் அம்மனை வர்ணித்து அழைக்கிறார் பூசாரி.

சிவன் கோயிலில் மேளம் வேலையை ஒழுங்குபடுத்துகிறது. இங்கே மேளமே வேலை. அடி நின்றால் அருளும் நின்றுவிடும் என்று பம்பைக்காரர் சொன்னார். அவர் வியர்வையைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை.

7:25
திரை: வேறொரு கோயில். மண்டபத்தில் இரும்புச் சட்டம், அதில் ஒரு முரசு, இரண்டு மணிகள், ஒரு மோட்டார். ஒரு சுவிட்ச்.
ஒலி: சுவிட்ச் சத்தம். டண் டண் டம், டண் டண் டம். மாறாமல் இருபது விநாடிகள்.

குரல்: இதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆள் இல்லாத கோயிலுக்கு இது ஒரு வழி. ஒற்றை ஆளாகப் பூசை செய்யும் குருக்கள் இந்தச் சுவிட்சைப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். நாதஸ்வரக்காரருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வருமானம் இல்லாத கோயில்கள் எத்தனையோ.

ஆனால் கண்ணை மூடிக் கேளுங்கள். இது தூபமா, தீபமா? திரை விலகியதா, இல்லையா? சாமி உள்ளே இருக்கிறதா, தெருவுக்கு வந்துவிட்டதா? எதுவும் தெரியாது. சுவிட்ச் போட்டாயிற்று என்பது மட்டும் தெரியும். என் பாட்டி இதைக் கேட்டிருந்தால் விளக்கேற்றியிருக்க மாட்டாள், கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

8:10
திரை: பழைய கோயில். இரவு. பள்ளியறைக்குச் சாமியின் சிறு பல்லக்கு. இரண்டு மூன்று பேர்தான்.
ஒலி: நீலாம்பரி. தவில் அடங்கி, விரல் நுனியால் மட்டும்.

குரல்: காலையில் தெருக்கோடிக்குக் கேட்ட அதே குழல். இப்போது பத்தடிக்கு அப்பால் கேட்கக் கூடாது என்பது போல வாசிக்கிறார்.

ஒலி: நீலாம்பரி கரைகிறது. கைமணி, மூன்று அசைவு. அமைதி.
திரை: பெரிய கதவு. மரத்தில் வரிசையாகப் பதித்த சிறு மணிகள். குருக்கள் இரண்டு கையாலும் கதவைத் தள்ளுகிறார். குரல் இல்லை.
ஒலி: கதவு நகர நகர அத்தனை மணிகளும் சிலிர்க்கின்றன. கதவு மூடுகிறது. தாழ்ப்பாள். சாவி.
திரை: கறுப்பு. ஒலி இல்லாமல் ஆறு விநாடி.