வாஷிங் மெஷின் பத்தின உங்க புகார்: நடந்தது என்ன, இனி நாங்க செய்யப்போறது என்ன

வணக்கம் மேடம்,

நேத்து ராத்திரி நீங்க அனுப்பின மெயில், அதோட இருந்த வீடியோ, மூணு போட்டோ எல்லாத்தையும் பார்த்தேன். இதுக்கு முன்னாடி நீங்க எங்க ஆளுங்ககிட்ட பேசின கால் ரெக்கார்டிங்கையும் ஒவ்வொண்ணா கேட்டேன். முதல் கால்லயே நீங்க விஷயத்த தெளிவா சொல்லிட்டீங்க, "துணி சுத்தும்போது ஒண்ணும் இல்ல, கடைசில வேகமா பிழியும்போதுதான் மெஷினே இடத்த விட்டு நகருது"ன்னு. அத அன்னைக்கே ஒழுங்கா காதுல வாங்கிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. தப்பு முழுக்க எங்க பக்கம்தான். ரொம்ப மன்னிச்சிருங்க.

வேற எதையும் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு, தயவுசெஞ்சு அந்த மெஷின இனிமே ஓட்டாதீங்க. ப்ளக்க கழட்டிருங்க, பின்னாடி தண்ணி வர்ற பைப்பையும் மூடிருங்க. உள்ள துணி மாட்டிருந்தா அப்படியே விடுங்க, நாளைக்கு காலைல எங்க ஆள் வந்து எடுத்துக் குடுப்பாரு, நீங்க கதவ இழுத்து கஷ்டப்பட வேணாம்.

இப்ப என்ன ஆச்சுன்னு சொல்றேன். உங்க மூணாவது போட்டோ, மெஷினோட பின்பக்கம் எடுத்தது, அதுலதான் பதில் இருக்கு. இந்த மாதிரி முன்பக்கம் கதவு இருக்கற மெஷின்ல டிரம் ஸ்பிரிங்குலயும் ஷாக் அப்சார்பர்லயும் தொங்கிட்டு இருக்கும், வண்டில கொண்டு வரும்போது ஆடி அடிபடாம இருக்க பின்னாடி நீளமான போல்ட் போட்டு டிரம்ம பாடியோட இறுக்கி வச்சிருப்பாங்க. டிரான்சிட் போல்ட்னு சொல்லுவோம். உங்க மாடல்ல அது நாலு. வீட்ல மெஷின மாட்டறவரு முதல் வேலையா அந்த நாலையும் கழட்டிட்டு அந்த ஓட்டைகள பிளாஸ்டிக் மூடியால அடைக்கணும். உங்க போட்டோவ பெருசு பண்ணிப் பார்த்தா மேல ரெண்டு ஓட்டைல வெள்ளை மூடி இருக்கு, கீழ ரெண்டுலயும் போல்ட் அப்படியே நிக்குது.

டிரம்முக்கு ஆடி அசைஞ்சு அதிர்வ தாங்கறதுக்கு வழியே இல்ல, ஆனா பிழியும்போது நிமிஷத்துக்கு 1200 சுத்து வரைக்கும் போகும். காலக் கட்டிப்போட்டு ஓடச் சொன்ன கதைதான். அந்த அதிர்வு எல்லாம் நேரா பாடிக்குப் போய் மெஷினே நடக்க ஆரம்பிச்சிருக்கு. சத்தம் அதனாலதான், கீழ் வீட்டுக்காரங்க ராத்திரி வந்து கதவத் தட்டினதும் அதனாலதான். மெஷின் முன்னாடி நகர்ந்தப்ப அழுக்குத் தண்ணி போற ஹோஸ் இழுபட்டு பிடுங்கிருச்சு, தண்ணி ஹால் வரைக்கும் வந்திருச்சு. உங்க அம்மா அந்தத் தண்ணில வழுக்கி, சுவரப் பிடிச்சு நின்னாங்கன்னு எழுதிருந்தீங்களே, அந்த இடத்த படிச்சதும் எனக்கு அடுத்த வரிக்குப் போகவே முடியல. அவங்களுக்கு இடுப்போ மணிக்கட்டோ எங்கயாவது வலி இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, அந்தச் செலவு எங்களோடது, அதுக்கு தனியா எந்த ஃபாரமும் வேணாம்.

"ஓவர்லோட் பண்ணிருப்பீங்க"ன்னு எங்க கால் சென்டர் பொண்ணு போன்ல சொன்னது தப்பு. அப்புறம் இன்னொருத்தர் "புது மெஷின்னா நாலஞ்சு வாஷ் வரைக்கும் அப்படித்தான் இருக்கும்"னு சொன்னாரு, அதுவும் தப்பு. நீங்க போட்ட துணியோட அளவு சரி, பவுடர் சரி, மெஷின் வச்ச தரையும் சரி. நீங்க பயன்படுத்தின விதத்துல ஒரு குறையும் கிடையாது. இத நான் எழுத்துல சொல்றேன், உங்க சர்வீஸ் ஹிஸ்டரியிலயும் அந்த ஓவர்லோட் குறிப்ப எடுத்துட்டு "இன்ஸ்டலேஷன் குறை"ன்னு மாத்தியாச்சு.

இன்னொரு விஷயத்துலயும் உங்களுக்கு பதில் சொல்லணும். போன வாரம் செவ்வாயும் வெள்ளியும் நீங்க ஆபீஸுக்கு லீவ் போட்டு வீட்ல காத்துட்டு இருந்தீங்க, ஆனா எங்க சிஸ்டத்துல ரெண்டு நாளும் "கஸ்டமர் வீட்ல இல்ல"ன்னு போட்டு புகார மூடிருக்காங்க. "அப்ப நான் பொய் சொல்றேனா"ன்னு கேட்டிருந்தீங்க. இல்ல மேடம். அந்த ரெண்டு நாளும் எங்க பக்கத்துல இருந்து உங்க நம்பருக்கு ஒரு கால் கூட போகல, நான் செக் பண்ணிட்டேன். நீங்க சொன்னதுதான் நடந்தது. அதே மாதிரி இன்ஸ்டலேஷன் கார்டுல "போல்ட் கழட்டியாச்சு, டெமோ காட்டியாச்சு"ன்னு டிக் அடிச்சு உங்க கையெழுத்தும் இருக்கு, நீங்க அவசரத்துல போட்டதா சொல்லிருந்தீங்க. அந்தக் கையெழுத்த வச்சு நாங்க எதையும் பேசப்போறதில்ல. போல்ட் கழண்டிருக்கான்னு பாக்கறது உங்க வேலையே இல்ல.

சரி, இப்ப நாங்க செய்யறது.

இந்த மெஷின ரிப்பேர் பண்ணித் தர நான் விரும்பல. போல்ட்ட கழட்டினா இன்னைக்கு சத்தம் நின்னுரும், ஆனா இத்தன நாள் அந்த அதிர்ச்சியில ஓடினதுல பேரிங்கும் ஷாக் அப்சார்பரும் எவ்வளவு அடிபட்டிருக்குன்னு வெளிய பார்த்து சொல்ல முடியாது, ஆறு மாசம் கழிச்சு திரும்ப சத்தம் கேட்டா மறுபடி நீங்கதான் போன் பண்ணி நிக்கணும். அதனால ரெண்டு வழி வச்சிருக்கேன், எது வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஒண்ணு, அதே மாடல்ல சீல் பிரிக்காத புது மெஷின். வர்ற வியாழக்கிழமை டெலிவரியும் மாட்டறதும் ஒரே நாள்ல, காலைல 10 மணிக்குள்ள, பழைய மெஷினையும் அதே வண்டில எடுத்துட்டுப் போயிருவாங்க. வாரண்டி புது மெஷின் மாட்டற தேதில இருந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கும். வியாழன் உங்களுக்கு தோதுப்படலன்னா சனிக்கிழமை சாயந்திரமும் ஆள் இருக்காங்க, இன்னொரு லீவ் போடாதீங்க. ரெண்டாவது, எங்க மெஷினே வேணாம்னு தோணினா, அது ரொம்ப நியாயம், நீங்க கட்டின முழுத் தொகையும், டெலிவரி சார்ஜ், ஸ்டாண்டுக்கு குடுத்தது எல்லாம் சேர்த்து, நீங்க சொன்ன அன்னைக்கே திருப்பி அனுப்பிடறோம், பேங்க்ல ஏற 5ல இருந்து 7 வேலை நாள் ஆகும். ஒரு ரூபா கூட பிடிக்க மாட்டோம்.

அப்பா படுக்கையில இருக்காரு, தினம் ரெண்டு தடவ பெட்ஷீட் மாத்தணும், கையால துவைச்சு தோள்பட்டை போயிருச்சுன்னு சொன்னீங்க. மெஷின் வியாழக்கிழமை வரும்னு சொல்லிட்டு அதுவரைக்கும் உங்கள துவைக்க விடறது சரியில்ல. நாளைல இருந்து தினமும் சாயந்திரம் 6 மணிக்கு ஒரு லாண்டரி ஆள் வந்து துணிய வாங்கிட்டுப் போய் மறுநாள் காலைல துவைச்சு காயவச்சு குடுத்துருவாரு, நாங்க பேசி பணம் கட்டியாச்சு. பெட்ஷீட்ட தனியா சுடுதண்ணில, வாசனை இல்லாத பவுடர்ல துவைக்கச் சொல்லிருக்கேன், படுத்தே இருக்கறவங்களுக்கு தோல் சீக்கிரம் புண்ணாயிரும்ல. வேற ஏதாவது கவனிக்கணும்னா அவர்கிட்டயே சொல்லுங்க, செய்வாரு. புது மெஷின் ஓடி உங்களுக்கு திருப்தியாகற வரைக்கும் இது தொடரும், பணம் திருப்பி வாங்கறதா இருந்தா நீங்க வேற மெஷின் வாங்கற வரைக்கும். இதுக்கு முன்னாடி வெளிய குடுத்து துவைச்சதுக்கு பில் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, பில் இல்லன்னா தொகைய மட்டும் எழுதுங்க, போதும்.

தண்ணில ஊறி உப்பிப்போன அந்த அலமாரி அடிப்பலகை, அதுக்கு உங்களுக்கு நம்பிக்கையான கார்பென்டர வரச்சொல்லி எஸ்டிமேட் வாங்குங்க, அவருக்கு நாங்க நேரா பணம் கட்டிடறோம், நீங்க முதல்ல குடுத்துட்டு எங்ககிட்ட வாங்கணும்னு இல்ல. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட உங்க பேரு கெட்டுப்போச்சுன்னு வருத்தப்பட்டீங்க. நீங்க சரின்னு சொன்னா நானே அவங்களுக்கு ஒரு லெட்டர் குடுக்கறேன், தப்பு மெஷின மாட்டின எங்களோடதுன்னு. வேணாம்னா விட்டுருவேன், அது உங்க விருப்பம்.

புது மெஷினா இருந்தா மாட்ட வர்றவரு எங்க சீனியர் டெக்னீஷியன். அவரு கழட்டற நாலு போல்ட்டையும் உங்க கைல எண்ணிக் குடுப்பாரு, அத ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க, பின்னாடி வீடு மாத்தினா மெஷின தூக்கறதுக்கு முன்னாடி திரும்ப மாட்ட அது வேணும். லெவல் வச்சு நாலு காலையும் சரிபண்ணி லாக் நட்ட இறுக்கிட்டு, முதல்ல துணி இல்லாம ஒரு தடவையும், அப்புறம் உங்க துணியவே போட்டு கடைசி பிழியற வரைக்கும் ஒரு தடவையும் ஓட்டிக் காட்டுவாரு. வேகமா பிழியும்போது லேசா ஒரு இரைச்சல் வரும், அது இருக்கும், ஆனா மெஷின் இடத்த விட்டு அசையக்கூடாது. பார்த்து உங்களுக்கு சரின்னு பட்டா மட்டும் கையெழுத்து போடுங்க, அதுவரைக்கும் அவரு கிளம்ப மாட்டாரு.

முதல்ல மாட்டின பையன் வேலைக்கு ஆபத்து வந்துரக்கூடாதுன்னு கடைசில ஒரு வரி எழுதிருந்தீங்க. இவ்வளவு கஷ்டத்துலயும் அத யோசிச்சீங்களே மேடம், நன்றி. அவர வேலைய விட்டு எடுக்கல. சீனியர் கூட போய் திரும்ப கத்துக்கிட்டு அப்புறம்தான் தனியா போவாரு. கழட்டின போல்ட்டோட போட்டோ ஏத்தாம இனிமே எந்த இன்ஸ்டலேஷனையும் எங்க சிஸ்டத்துல முடிக்க முடியாது, போன் பண்ணின ரெக்கார்ட் இல்லாம "வீட்ல இல்ல"ன்னு போடவும் முடியாது. ரெண்டையும் இன்னைல இருந்து மாத்தியாச்சு.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, இந்த மெயிலுக்கு "மெஷின்" இல்லன்னா "பணம்"னு ஒரு வார்த்த ரிப்ளை போடுங்க. யோசிக்க நேரம் வேணும்னா எடுத்துக்கோங்க, லாண்டரி ஆள் எப்படியும் நாளைக்கு வருவாரு. இந்த மெயிலுக்கு வர்ற ரிப்ளை நேரா எனக்குத்தான் வரும், இனி கால் சென்டருக்கு போன் பண்ணி முதல்ல இருந்து கதைய சொல்ல வேண்டியதில்ல. புதன்கிழமை சாயந்திரம் டெலிவரி கன்ஃபர்ம் பண்ண நானே உங்களுக்கு போன் பண்றேன், ஆபீஸ் முடிஞ்சு 7 மணிக்கு மேல கூப்பிட்டா சௌகரியமா இருக்கும்னு நினைக்கறேன், வேற நேரம்னா அதையும் ரிப்ளைல போட்டுருங்க.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு பொறுப்பாளர்