லீவு விட்டாச்சு, பல்லை ஒரு தடவை பார்த்துவிடலாம்

பெற்றோருக்கு வணக்கம்.

பள்ளி திறந்துவிட்டால் வீட்டுப்பாடம், பரீட்சை என்று நாள் ஓடிவிடும். பல் வலித்தால்தான் பல்லின் ஞாபகமே வரும். அதனால் இந்தக் கோடை விடுமுறை முடியும்வரை, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு எங்கள் க்ளினிக்கில் பல் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. திங்கள் முதல் சனி வரை, காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை வரலாம். அந்த நேரத்தில் பெரியவர்களுக்குச் சிகிச்சை வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த அறையில் மெஷின் சத்தம் கேட்டாலே சில பிள்ளைகளுக்குக் கை சில்லிட்டுப்போகிறது.

முதல் நாள் பார்ப்பது மட்டும்தான். சொத்தை இருந்தால் உங்களிடம் விவரமாகச் சொல்லி, செலவையும் முன்கூட்டியே சொல்லி, இன்னொரு நாள் குறித்துக்கொள்வோம். முகம் வீங்கியிருந்தாலோ வலியில் பிள்ளை தூங்காமல் இருந்தாலோ மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள்.

6 வயதை ஒட்டிய பிள்ளைகளை அவசியம் காட்டுங்கள். அந்த வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால், "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்கிற பல் இல்லை. அதன் மேலே உள்ள பள்ளங்கள் ஆழமானவை, பிரஷ் முனை உள்ளே போகாது. அங்கேதான் சொத்தை ஆரம்பிக்கும். முன்னதாகவே பார்த்துவிட்டால், பள்ளத்தை மூடும் சீலண்ட் பூச்சு போட்டுக் காப்பாற்றலாம். ஊசியும் வேண்டாம், பல்லைக் குடையவும் வேண்டாம்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். "ஊசி போட மாட்டாங்க, பயப்படாதே" என்று வீட்டில் சொல்ல வேண்டாம். அதுவரை நினைக்காத ஊசியைப் பிள்ளை அப்போதுதான் நினைக்கும். "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க" என்றால் போதும்.

இனி வருவதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்:

குட்டி, எங்கள் நாற்காலி மேலே போகும், கீழே வரும். பட்டனை நீயே அழுத்தலாம். அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டாலும் சரிதான். வாய்க்குள் போவது கரண்டி மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி. முதலில் அதை உன் கையில் கொடுப்போம், உன் நகத்தில் தொட்டுக் காட்டுவோம், பிறகுதான் வாயில். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் இடது கையைத் தூக்கு. உடனே நிறுத்திவிடுவோம். அழுகை வந்தால் அழலாம், யாரும் திட்ட மாட்டோம். இன்றைக்கு வாய் திறக்க மனசில்லையா? நாற்காலியில் ஒரு சுற்று ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்குப் போ, அடுத்த வாரம் பார்க்கலாம்.

நேரம் குறிக்க, இந்தச் செய்தி வந்த எண்ணுக்கே பிள்ளையின் பெயர், வயது, வசதியான நாள் மூன்றையும் அனுப்புங்கள். முன்பு எங்கேயாவது பயந்துபோன பிள்ளை என்றால் அதையும் எழுதுங்கள், காலையில் முதல் ஆளாகக் கூப்பிட்டுக்கொள்கிறோம்.