சாயங்காலப் படிப்பு: யார் வீட்ல, எத்தனை மணிக்கு

காவியா:
ஏ பிள்ளைகளா, எல்லாரும் பாத்துட்டு பதில் போடுங்க, ப்ளூ டிக் மட்டும் விழுந்தா எனக்கு ஒண்ணும் புரியாது. ப்ராக்டிகல் முடிஞ்சிருச்சு, மார்ச் ஆரம்பத்துல தமிழ் பரீட்சை, நடுவுல முழுசா ரெண்டு வாரம்தான் இருக்கு. தினமும் சாயங்காலம் அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து படிக்கலாம்னு ஸ்கூல்ல பேசுனோம்ல, அதை இன்னிக்கு நைட்டே முடிவு பண்ணிருவோம். ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போயி முகம் கழுவி கிளம்புனா 4:45க்கு உக்காந்துரலாம், 6 மணிக்கு முடிச்சிரலாம். ஒரே வீட்ல வேணாம், மாத்தி மாத்தி வச்சுக்குவோம். யாருக்கு எந்த நாள் முடியாது, எந்த நேரம் முடியாதுன்னு அவங்கவங்க சொல்லுங்க

தீபிகா:
எனக்கு எல்லா நாளும் ஓகே, 8 மணிக்கு மேல வெளிய இருந்தா மட்டும் அப்பா திட்டுவாரு. சனிக்கிழமை பயாலஜினா நான் வரல, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல்ல, அன்னிக்கு வீட்ல உக்காந்து அதைப் பாத்துக்கறேன்

ஷெரின்:
புதன்கிழமை சாம்பல் புதன்டி, சாயங்காலம் பூசைக்குப் போகணும், அன்னிக்கு என்னால வரவே முடியாது. அதுக்கப்புறம் தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை இருக்கு, 6 மணிக்கு ஆரம்பிச்சு 6:45 வாக்குல முடியும், அதனால வெள்ளிக்கிழமை 4:45னா பாதியில எந்திரிச்சு ஓடணும்

ஆயிஷா:
வியாழனோ வெள்ளியோ எங்களுக்கு நோன்பு ஆரம்பிச்சிரும், பிறை பாத்துதான் தெரியும். 4:45ல இருந்து 6 வரைக்கும் என்னால உக்காந்து படிக்க முடியும், அது பிரச்சனை இல்ல, போன வருஷமும் நோன்பு வச்சுக்கிட்டேதான் பரீட்சை எழுதுனேன். ஆனா நோன்பு தொறக்குறது ஆறரை வாக்குல, அதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும். கோரிப்பாளையத்துக்கு உள்ள சாயங்காலம் வர்ற நெரிசல் உங்களுக்கே தெரியும், தூரமான வீட்ல வச்சா 5:45க்கே நான் கிளம்பணும்

காவியா:
சரி ஆயிஷா குறிச்சுக்கிட்டேன். முத்து நீ ஏன் ஒண்ணுமே சொல்லல

முத்துலட்சுமி:
நான் வராம இருந்தா பரவால்லையா, நீங்க படிங்க, நோட்ஸ் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிருங்க

காவியா:
ஏன்டி

முத்துலட்சுமி:
தம்பியை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து வீட்ல வச்சுக்கணும், அம்மா வேலை முடிஞ்சு வர 6:15 ஆயிரும். அவன் ஒண்ணாவதுதான் படிக்கிறான், தனியா விட்டுட்டு வர முடியாது. 6:15க்கு மேல வர்றேன்னா நீங்க எல்லாம் முடிச்சிருப்பீங்க. மாத்தி மாத்தி வைக்கிறதுனா எங்க வீட்லயும் ஒரு நாள் வைக்கணும்ல, எங்க வீடு ஒரே ரூம், தறி வேற ஓடும் பக்கத்து வீட்ல, அங்க எப்படி அஞ்சு பேர் உக்காருவீங்க

காவியா:
முத்து இதை நல்லா படி. நம்ம அஞ்சு பேர்ல கணக்குல வெக்டர் பாடத்தை போர்டுல போட்டு சொல்லிக் குடுக்குற அளவுக்குத் தெரிஞ்சது உனக்கு மட்டும்தான், தளத்தோட வெக்டர் சமன்பாட்டுல இருந்து கார்ட்டீசியன் சமன்பாட்டுக்கு எப்படி போறதுன்னு நீ சொன்ன பிறகுதான் எனக்கு அந்த 5 மார்க் கணக்கே வந்துச்சு. அதனால நீ இல்லாம இது நடக்காது. வீடு சின்னதுன்னா என்னடி, உங்க வீட்டுக்கு மேல மொட்டை மாடி இருக்குல்ல, தண்ணித் தொட்டி பக்கம் சாயங்காலம் நெழல் விழுந்திரும், ரெண்டு பாய் விரிச்சா போதும், தம்பியும் நம்ம கண்ணு முன்னாடியே விளையாடுவான். 6 மணிக்கு வெளிச்சம் போறதுக்குள்ள எந்திரிச்சிரலாம்

தீபிகா:
தம்பிக்கு நான் என் பழைய கலர் பென்சில் எல்லாம் கொண்டு வர்றேன், அவன் பாட்டுக்கு வரைஞ்சுக்கிட்டு இருக்கட்டும்

முத்துலட்சுமி:
மாடி ஹவுஸ் ஓனர் அக்காவோடது, கேக்கணும்

காவியா:
இப்பவே கேளு, நாங்க வெயிட் பண்றோம்

ஷெரின்:
அதுவரைக்கும் நான் ஒண்ணு சொல்றேன். ஞானஒளிவுபுரத்துக்கு நீங்க எல்லாரும் பாலம் தாண்டி வரணும், வந்துட்டு திரும்பவும் போகணும், அதுக்கே எவ்வளவு நேரம் போகும்னு பாருங்க. எங்க வீட்ல இடம் நெறைய இருக்கு, அம்மாவும் வரச் சொல்லுவாங்க, ஆனா வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல வேணாம்

காவியா:
கரெக்ட். டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்ல அதனால காசு பிரச்சனை இல்ல, நேரம்தான். நீ மத்த நாளெல்லாம் இந்தப் பக்கம் வர்றல்ல, அதனால ஒரு நாளாவது நாங்க அங்க வர்றதுதான் நியாயம். ஆனா நோன்பு நாள்ல வச்சா ஆயிஷா திரும்பிப் போறது கஷ்டம், அதனால உங்க வீட்டு நாளை மட்டும் நான் யோசிச்சு போடுறேன்

முத்துலட்சுமி:
அக்கா சரின்னுட்டாங்க. கூழ் வடகம் காயப் போட்டிருக்காங்களாம், அதை மிதிக்காம ஓரமா உக்காரணுமாம், 6 மணிக்கு மாடிக் கதவைப் பூட்டி சாவியைக் குடுத்துரணுமாம்

காவியா:
சூப்பர். இப்ப எனக்கு ஒண்ணு தோணுது, கேளுங்க. இன்னிக்கு இவ வீடு நாளைக்கு அவ வீடுன்னு வரிசையா போட்டா யாராவது ஒருத்தி விட்டுப் போயிருவா. அதுக்குப் பதிலா எந்த நாள் யாரால வீட்டை விட்டு வெளிய வர முடியாதோ அன்னிக்கு அவ வீட்லயே வச்சிருவோம். முத்துவுக்கு தம்பியை விட்டு வர முடியாது, அதனால அவ மாடியில வாரத்துக்கு ரெண்டு நாள். வெள்ளிக்கிழமை ஷெரினுக்கு கோயில், ஆயிஷாவுக்கு நோன்பு தொறக்கணும், அதனால அன்னிக்கு மட்டும் லேட் ஸ்லாட் 7 டு 8, ஆயிஷா வீட்ல. அன்னிக்கு முத்துவும் அம்மா வந்த பிறகு வந்துரலாம், தீபிகாவுக்கும் அப்பா சொன்ன நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். ஆயிஷா உங்க வீட்ல சரியா வருமா, நோன்பு நேரத்துல எல்லாரும் களைச்சு இருப்பாங்கல்ல

ஆயிஷா:
அத்தா கிட்ட கேட்டேன், தாராளமா வரச் சொன்னாரு. நோன்பு தொறந்து மஃரிப் தொழுதுட்டு 7 மணிக்கு நான் ரெடியா இருப்பேன். 8க்கு முடிச்சிரணும், அதுக்கப்புறம் அம்மாவும் நானும் இஷா தொழுதுட்டு தராவீஹ் தொழணும். பள்ளிவாசல் கஞ்சி ஒரு தூக்குவாளி எடுத்து வைக்கிறேன், குடிச்சிட்டு உக்காருவோம், சாப்பிடாம வாங்க

தீபிகா:
நோன்புக் கஞ்சினா நான் 6:55க்கே வந்துருவேன். நரிமேடுல இருந்து ஆயிஷா வீடு நடக்குற தூரம்தான், காவியா நீ பீபிகுளத்துல இருந்து வர்றப்ப எங்க தெரு முனைக்கு வந்துரு, ரெண்டு பேரும் சேந்து போவோம்

ஷெரின்:
என்னை கோயில்ல இருந்து அண்ணன் வண்டில கொண்டு வந்து விட்டுருவான், திரும்பவும் கூட்டிட்டுப் போயிருவான். முத்துவை செல்லூர்ல இறக்கி விட்டுட்டுப் போறோம்

முத்துலட்சுமி:
அம்மா சரின்னு சொல்லிட்டாங்க. ஷெரின் கூட வர்றதுனா பயம் இல்லைன்னாங்க

காவியா:
அப்ப முழுசா எழுதுறேன், இதை பின் பண்ணி வச்சுக்கங்க, வீட்லயும் படிச்சுக் காட்டிருங்க.

திங்கள் முத்து மாடி, 4:45 டு 6, கணக்கு. முத ரெண்டு பாடம், அணிகளும் கலப்பு எண்களும், கிராமர் விதி, காஸியன் நீக்கல், டி மாய்வர் தேற்றம். செவ்வாய் ஷெரின் வீடு, அதே நேரம், வேதியியல். நோன்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற செவ்வாய்னால ஆயிஷாவுக்கு இந்த வாரம் அவசரம் இல்ல, அடுத்த வாரம் செவ்வாய் எங்க வீட்டுக்கு மாத்திக்கறோம். புதன் தீபிகா வீடு, இயற்பியல், இந்த வாரம் மட்டும் ஷெரின் வரமாட்டா, அவளுக்கு அன்னிக்கு என்ன பாத்தோம்னு தீபிகா நைட் வாய்ஸ் நோட் போட்டுரு. வியாழன் திரும்ப முத்து மாடி, கணக்கு, வெக்டர் மட்டும், முத்து சொல்லிக் குடுக்கறா. வெள்ளி ஆயிஷா வீடு, 7 டு 8, தமிழ் இங்கிலீஷ் ரெண்டும், மனப்பாடச் செய்யுளை ஆளுக்கு ஒண்ணா சொல்லி திருத்திக்குவோம், அன்னிக்கு களைப்பா இருக்கும், அதனால டெரிவேஷன் எதுவும் வைக்கல. சனி எங்க வீடு, பயாலஜி, தாவரவியல் ஒரு வாரம் விலங்கியல் ஒரு வாரம். எங்க ஆச்சி 6 மணிக்கு சீரியல் போட்டுரும், அதனால எங்க வீட்ல 6னா 6தான். செவ்வாயும் புதனும் முத்து வர முடியாது, அந்த ரெண்டு நாளும் யாராவது ஒருத்தர் அவளுக்கு வீடியோ கால் போட்டு போனை நோட்டு பக்கம் சாய்ச்சு வச்சிருங்க. ஞாயிறு யாரும் யாரையும் கூப்பிட வேணாம், தூங்குங்க, துணி துவைங்க.

உக்காந்த உடனே முத 20 நிமிஷம் புக் பேக் ஒரு மார்க், ஒருத்தி கேக்க மத்தவங்க சொல்லணும். கணக்குல 20 ஒரு மார்க் வருது, இயற்பியல் வேதியியல் ரெண்டுலயும் 15, இதுல ஒண்ணையும் விடக்கூடாது. அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு கணக்கு இல்லைனா ஒரு டெரிவேஷன், எழுதிக்கிட்டே வாயால சொல்லணும், தெரியலைனா தெரியலைன்னு சொல்லணும், யாரும் சிரிக்கக் கூடாது. கணக்குல 30ஆவதும் 40ஆவதும் கட்டாயக் கேள்வி, சாய்ஸ் இல்ல, புக்ல அப்படியே இல்லாத மாதிரியும் கேக்கறாங்க, அதனால தினமும் அந்த மாதிரி ஒண்ணு ஆளாளுக்கு தேடிக் கொண்டு வாங்க. கடைசி 15 நிமிஷம் பேச்சே கிடையாது, போனை கவுத்து வச்சிட்டு அன்னிக்குப் பாத்த ஒரு 5 மார்க்கை பாக்காம எழுதணும், பக்கத்துல இருக்கறவ திருத்தணும்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம். யார் வீட்ல வச்சாலும் அவங்க வீட்ல தண்ணி மட்டும் குடுத்தா போதும். பஜ்ஜி போடுறது, கடையில பப்ஸ் வாங்குறது எதுவும் வேணாம், ஒரு வீட்ல செஞ்சா அடுத்த வீட்லயும் செய்யணும்னு ஆயிரும், அம்மாங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டு வர்ற நேரம் அது. ஆயிஷா வீட்டுக் கஞ்சி மட்டும் கணக்குல வராது. அப்புறம் நோன்பு இருக்குற நாள்ல மத்த வீட்ல ஆயிஷா முன்னாடி யாரும் எதுவும் திங்க வேணாம்

ஆயிஷா:
அதெல்லாம் வேணாம்டி, நீங்க சாப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் தோணாது, பழகிப் போச்சு

காவியா:
ஒண்ணேகால் மணி நேரம்தானே, எங்களுக்கும் ஒண்ணும் ஆயிராது

ஷெரின்:
நாளைக்கு பஸ் கிடைக்காம லேட் ஆனா என்ன பண்றது

காவியா:
5 மணி வரைக்கும் பாப்போம், அதுக்கு மேல ஒரு மார்க் ஆரம்பிச்சிருவோம். வராத நாளைக்கு 4 மணிக்குள்ள குரூப்ல போடணும், காரணம் சொல்ல வேணாம், வரலைன்னு போட்டா போதும். இடம் மாறுனா நான் மட்டும்தான் போடுவேன், வேற யாரும் மாத்த வேணாம், இல்லைனா ஒருத்தி செல்லூர்ல நிப்பா இன்னொருத்தி நரிமேட்டுல நிப்பா

தீபிகா:
ஓகே

ஷெரின்:
ஓகே, அம்மாகிட்ட காட்டிட்டேன்

ஆயிஷா:
இன்ஷா அல்லாஹ் எல்லா நாளும் வந்துருவேன்

முத்துலட்சுமி:
திங்கள் ரெண்டு பாய் போதாது, தீபிகா ஒண்ணு கொண்டு வா. அப்புறம் யார்கிட்டயாவது சின்ன சிலேட்டோ ஒயிட் போர்டோ இருந்தா எடுத்துட்டு வாங்க, நோட்ல எழுதுனா எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது, டி மாய்வர் கணக்கை நான் போட்டுக் காட்டுறேன்

காவியா:
என்கிட்ட ஒயிட் போர்டு இருக்கு, மார்க்கர் மட்டும் காஞ்சு போச்சு, ஸ்கூல் விட்டு வர்றப்ப வாங்கிட்டு வந்துர்றேன். திங்கள் 4:45, செல்லூர்