அப்பா கடைங்களுக்காக நாங்க எழுதிக்கிட்ட குடும்ப ஒப்பந்தம்

கடலூர், 12.01.2025. அம்மா சரோஜா, பெரியவன் செல்வம், மல்லிகா, சின்னவன் குமார் நாலு பேரும் முழு சம்மதத்தோட எழுதிக்கிறது.

அப்பா உயில் எழுதாம போயிட்டாரு, அதனால திருப்பாப்புலியூர்ல இருக்கற மூணு கடையிலயும் நாலு பேருக்கும் சம பங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டோம்னு சொல்லி மல்லிகா பங்க யாரும் குறைக்கக்கூடாது.

ரோட்ட பாத்த மளிகைக்கடை செல்வத்துக்கு, அப்பா கூடவே நின்னு நடத்துனது அவன்தான். ஆனா அதோட மதிப்பு ஜாஸ்திங்கறதால மல்லிகாவுக்கும் குமாருக்கும் தலா 4 லட்சம் 30.04.2025க்குள்ள பேங்க் மூலமா போடணும், மொத்த வியாபாரிங்களுக்கு அப்பா வச்சிட்டு போன பாக்கி 1,80,000 ரூபாயும் சரக்கோட சேத்து அவன் பொறுப்பு. டெய்லர் இருக்கற கடை மல்லிகாவுக்கு, டெய்லர் குடுத்த அட்வான்ஸ் 50,000 திருப்பித் தர்றதும் அவதான். பின்னாடி கடை குமாருக்கு.

அம்மா தன் பங்க பிள்ளைங்களுக்கே விட்டுத்தர்றாங்க. அதுக்காக மூணு பேரும் அவங்க இருக்கற வரைக்கும் மாசம் ஆளுக்கு 5,000 ரூபாய் 5ஆம் தேதிக்குள்ள அவங்க கணக்குல போட்டே ஆகணும், கடையில வியாபாரம் இல்ல, வாடகை வரலன்னு காரணம் சொல்லக்கூடாது, கடைய வித்தாலும் இந்தக் கடமை போகாது.

இத பத்திரமா சப்-ரிஜிஸ்தார் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், செலவு மூணு பேருக்கும் சமம். அப்புறம் சொத்து வரி, கரண்ட் கனெக்‌ஷன் பேர் மாத்திக்கணும். குமார் அனுப்புன வக்கீல் நோட்டீஸ வாபஸ் வாங்கிட்டான். இனி தகராறு வந்தா முதல்ல பெரிய மாமா முன்னாடி, அப்பவும் முடியலன்னா சமரச மையத்துல பேசணும்.

கையெழுத்து: சரோஜா, செல்வம், மல்லிகா, குமார்
சாட்சி: பெரிய மாமா, சித்தப்பா