குளம் தூர்வார ரூ.18 லட்சம்: நிபந்தனைகளோடு ஏற்க இயலாதது குறித்து

ஊர்க் குளம் பராமரிப்பு அறக்கட்டளை
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்
14.11.2025

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், பின்னலாடை நிறுவனம், திருப்பூர்.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

வணக்கமுங்க. பெரிய குளத்தைத் தூர்வார உங்கள் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து 18 லட்சம் தருவதாக 3-ம் தேதி கடிதம் அனுப்பியிருந்தீர்கள். 9-ம் தேதி ஊர்க்கூட்டத்தில் அதை முழுசாக வாசித்தோம். உங்கள் அப்பா இந்த ஊர்க்காரர் என்பதால் பெரியவர்கள் பலருக்கும் சந்தோசம்தான். ஆனால் நான்கு நிபந்தனைகளோடு வரும் இந்தத் தொகையை ஏற்க முடியாது என்று முடிவாகியிருக்கிறது. எதனால் என்று சொல்லிவிடுகிறோம்.

குளத்துக்கு உங்கள் அப்பா பெயரை வைத்து, கரையில் வளைவு கட்டக் கேட்டிருந்தீர்கள். குளம் எங்களுடையது அல்லங்க, அரசு நீர்நிலைப் புறம்போக்கு. கிராம 'அ' பதிவேட்டில் உள்ள பெயரை மாற்ற எங்களுக்கு அதிகாரம் கிடையாது. எங்களுக்குக் கிடைத்த அனுமதி வண்டல் எடுக்கவும், கரையையும் மதகையும் சரிசெய்யவும் மட்டுமே. வளைவு கட்டினால் அதுவே ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வரும். சி.எஸ்.ஆர். விதியிலும் கம்பெனியின் விற்பனைக்கு விளம்பரம் தேடித்தரும் ஸ்பான்சர்ஷிப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது. வளைவில் கம்பெனி லோகோவும் வைக்கச் சொல்லியிருப்பதால், இதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அறங்காவலர் ஏழு பேரில் மூன்று இடம் உங்களுக்கு, அதில் ஒருவர் கையெழுத்து இல்லாமல் செக் செல்லாது என்பது அடுத்தது. எங்கள் பத்திரப்படி அறங்காவலரை ஊர்க்கூட்டம்தான் தேர்ந்தெடுக்கும். பணம் கொடுத்தவர் யாருக்கும் இதுவரை தனி இடம் தந்ததில்லை. ஐநூறு ரூபாய் கொடுத்த வீடுகளும் இதில் இருக்கின்றன. வேலை நடக்கும்போது இந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நாளெல்லாம் இயந்திரத்துக்கு வாடகை ஓடும் என்பதும் இருக்கிறது.

பொக்லைன் வேலையை உங்கள் உறவினர் நிறுவனத்துக்கே, மணிக்கு ரூ.1,650 வீதம் தரச் சொல்லியிருந்தீர்கள். நாங்கள் வாங்கிய மூன்று விலைப்புள்ளியில் குறைந்தது ரூ.1,350. 9 ஏக்கரில் ஒன்றரை அடி எடுத்தால் சுமார் 5,880 யூனிட் மண், மூன்று யூனிட் டிப்பரில் 1,960 நடை. இதை அள்ள 400 மணி நேரம் என்று கணக்கிட்டிருக்கிறோம். வித்தியாசம் மட்டும் 1,20,000 ரூபாய். தொகை ஒருபுறம் இருக்கட்டும். பெருந்தொகை தந்தவரின் உறவினருக்கு அறக்கட்டளைப் பணத்தால் ஆதாயம் போனால் எங்கள் வருமான வரி விலக்கே கேள்விக்குள்ளாகும்.

நான்காவதுதான் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது. ஆலைக்குத் தினமும் இரண்டு டேங்கர் தண்ணீர். அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடுவது நிலத்தடி நீர் ஊறுவதற்காக. அதை எடுத்துக்கொடுக்க நாங்கள் யாருங்க? நொய்யல் கரையில் நடந்ததைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய. உங்கள் ஆலையைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஆலை டேங்கர் குளத்தில் இறங்கினால் அடுத்த நாளே கிணற்றுக்காரர்கள் கரையில் நிற்பார்கள்.

முன்பணமாக வந்த 2,00,000 ரூபாயை இன்றே, அனுப்பிய கணக்குக்கே நெப்ட் மூலம் திருப்பிவிட்டோம். ரசீதை ரத்து செய்திருக்கிறோம். உங்களிடம் உள்ள அசல் ரசீதைத் திருப்பி அனுப்பிவிடுங்க. இந்தத் தொகை எங்களது 10BD படிவத்தில் வராது, 10BE சான்றும் கிடைக்காது. இந்த ஆண்டு சி.எஸ்.ஆர். செலவாகவும் காட்டிவிட வேண்டாம், பிறகு திருத்துவது தலைவலி.

நிபந்தனை இல்லாமல் தருவதாக இருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சியே. மதகுப் பக்கம் வைக்கும் கல்லில் நன்கொடையாளர் எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் வரும். அதில் உங்கள் அப்பா பெயரைப் போடலாம். உங்கள் பொறியாளர் ஒருவர் எப்போது வந்தாலும் அளவுப் புத்தகத்தையும் டிப்பர் நடைச் சீட்டுகளையும் பார்க்கலாம். தணிக்கைக் கணக்கின் நகலும் அனுப்புவோம். தண்ணீர் வற்றியபின் மார்ச்சில்தான் வேலை தொடங்கும் என்பதால் டிசம்பர் 15-க்குள் சொன்னால் போதும். பதில் வராவிட்டால், கையில் உள்ள 4,60,000 ரூபாயில் மதகையும் களிங்கையும் மட்டும் இந்தக் கோடையில் முடித்துக்கொள்வோம்.

உங்கள் அம்மாவை ஊர்ப் பெரியவர்கள் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்

இணைப்பு: ஊர்க்கூட்டத் தீர்மான நகல், மூன்று விலைப்புள்ளிகள், பணம் திருப்பியதற்கான வங்கிச் சான்று.