சோடியம் டோடெசைல் சல்பேட்டின் மாறுநிலை மிசெல் செறிவு: கடத்துத்திறன் முறையில் ஓர் அளவீடு (இயற்பிய வேதியியல் ஆய்வக அறிக்கை)

நோக்கம்

25 டிகிரி செல்சியஸில் சோடியம் டோடெசைல் சல்பேட்டின் (இனி எஸ்டிஎஸ்) மாறுநிலை மிசெல் செறிவைக் கடத்துத்திறன் அளவீட்டிலிருந்து கண்டறிதல். மிசெலின் அயனியாதல் அளவையும் மிசெல் உருவாதலின் கிப்ஸ் ஆற்றலையும் கணக்கிடுதல். சோடியம் குளோரைடு சேர்க்கும்போது மாறுநிலைச் செறிவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தல்.

கோட்பாடு

சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். எஸ்டிஎஸ்ஸில் ஒரு முனை பன்னிரண்டு கார்பன் கொண்ட ஹைட்ரோகார்பன் வால். அது நீரோடு ஒட்டாது. மறுமுனை எதிர்மின்னூட்டமுள்ள சல்பேட் தலை. அது நீரை விட்டு விலகாது. நீர்த்த கரைசலில் இம்மூலக்கூறுகள் தனித்தனி அயனிகளாகத் திரிகின்றன, ஒரு பங்கு நீரின் மேற்பரப்பில் அடுக்காக அமர்கிறது. செறிவு ஓர் எல்லையை எட்டியதும் வால்களை உள்ளேயும் தலைகளை வெளியேயும் வைத்து அவை திரளத் தொடங்குகின்றன. இத்திரள்தான் மிசெல். அந்த எல்லைதான் மாறுநிலை மிசெல் செறிவு. சோப்புக் கரைசல்களின் விசித்திரமான மின்கடத்தலை விளக்க 1913இல் மெக்பெயின் முன்வைத்தது இந்தத் திரள் பற்றிய கருத்தே. ஆகவே கடத்துத்திறன் இத்துறைக்குப் பின்னால் வந்து சேர்ந்த கருவி அன்று, துறையே அங்கிருந்துதான் கிளம்பியது.

வால்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால்தான் திரள் உருவாகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது பாதி உண்மைதான். வாலைச் சுற்றி ஒழுங்குபட்டு நிற்கும் நீர் மூலக்கூறுகள் விடுபடும்போது என்ட்ரோபி உயர்கிறது. அறை வெப்பநிலையில் பெரும்பங்கு உந்துதல் அதிலிருந்தே வருகிறது. எதிர்ப்பக்கத்தில், ஒரே மின்னூட்டமுள்ள தலைகள் நெருங்கி நிற்பதால் எழும் விலக்கம் இருக்கிறது. அதைத் தணிக்கச் சோடியம் அயனிகளில் பெரும்பகுதி மிசெலின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது.

நம் அளவீட்டுக்குப் பிடி கிடைப்பதும் இங்கேதான். மாறுநிலைக்குக் கீழே சேர்க்கும் ஒவ்வொரு மோலும் ஒரு சோடியம் அயனியையும் ஒரு டோடெசைல் சல்பேட் அயனியையும் தருகிறது. இரண்டும் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. மாறுநிலைக்கு மேலே சேர்ப்பது மிசெலுக்குள் போகிறது. அதனோடு ஒட்டிய சோடியம் அயனி தனியே நகர்ந்து மின்னோட்டம் சுமப்பதில்லை. எனவே செறிவுக்கு எதிரே வரையும் கடத்துத்திறன் கோடு அங்கே முறிந்து, சாய்வு குறைந்து தொடர்கிறது.

செய்முறை

எத்தனாலில் மறுபடிகமாக்கி உலர்த்திய எஸ்டிஎஸ் 2.884 கிராமை எடுத்து (மோலார் நிறை 288.38 கிராம்/மோல்) 100 மி.லி. அளவுக்குடுவையில் கரைத்து 100 மில்லிமோலார் இருப்புக் கரைசல் தயாரித்தோம். குடுவையைக் குலுக்கினால் நுரை கழுத்துவரை ஏறிவிடும், அளவுக்கோட்டைப் பார்க்க முடியாது. ஆகவே முக்கால் பாகம் நீரில் மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, நுரை அடங்கிய பின்பே கோடுவரை நிரப்பினோம். கரைசலை அன்றைக்கே பயன்படுத்தினோம், ஏனென்றால் எஸ்டிஎஸ் நீராற்பகுப்படைந்து டோடெகனால் தருகிறது. பரப்பு இழுவிசை முறையில் அதன் சிறு அளவே வரைகோட்டில் ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிடும். கடத்துத்திறன் முறை அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்றாலும் அதை நம்பிப் பழைய கரைசலை எடுப்பது சரியன்று.

கடத்துத்திறன்மானியின் கல மாறிலியை 0.0100 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலால் (25 டிகிரியில் 1413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ.) சரிபார்த்தோம். வெப்பநிலைப்படுத்திய கலத்தில் 50.0 மி.லி. நீரை எடுத்து, பியூரெட்டிலிருந்து இருப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். ஒவ்வொரு முறையும் மெல்லக் கலக்கி, அளவீடு நிலைத்ததும் குறித்தோம். வெப்பநிலை 25.0 ± 0.1 டிகிரிக்குள் நின்றது. ஒரு டிகிரி ஏறினாலே கடத்துத்திறன் ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடும் என்பதால் இங்கே கண்டிப்பு வேண்டியிருந்தது.

முதல் ஓட்டத்தை நாங்கள் கைவிட்டோம். காந்தக் கலக்கியை வேகமாக ஓட்டியதில் நுரை எழுந்து, மின்வாய்த் தகடுகளுக்கு இடையே குமிழ்கள் சிக்கின. அளவீடு படிப்படியாகக் குறைவாகவே காட்டியது. அந்தக் கோட்டிலும் ஒரு முறிவு தெரிந்தது, ஆனால் அது 3 மில்லிமோலாருக்கு அருகில்! மானியைத் தூக்கித் தட்டியதும் அளவீடு மேலே குதித்தது. கீழே உள்ளவை இரண்டாம் ஓட்டத்தின் எண்கள்.

முடிவுகள்

நீரின் கடத்துத்திறன் 1.8 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. சேர்த்த கன அளவால் ஏற்பட்ட நீர்த்தலைக் கணக்கில் எடுத்துச் செறிவு கணக்கிடப்பட்டது.

| சேர்த்தது (மி.லி.) | செறிவு (மில்லிமோலார்) | கடத்துத்திறன் (மைக்ரோசீமென்ஸ்/செ.மீ.) |
|---|---|---|
| 0.5 | 0.990 | 68.6 |
| 1.0 | 1.961 | 132.9 |
| 1.5 | 2.913 | 195.6 |
| 2.0 | 3.846 | 256.7 |
| 2.5 | 4.762 | 316.3 |
| 3.0 | 5.660 | 375.1 |
| 3.5 | 6.542 | 433.4 |
| 4.0 | 7.407 | 488.0 |
| 4.5 | 8.257 | 533.0 |
| 5.0 | 9.091 | 559.8 |
| 5.5 | 9.910 | 582.0 |
| 6.0 | 10.714 | 602.4 |
| 7.0 | 12.281 | 641.5 |
| 8.0 | 13.793 | 679.5 |
| 9.0 | 15.254 | 716.9 |
| 10.0 | 16.667 | 752.3 |

முதல் ஏழு புள்ளிகளுக்கும் கடைசி ஆறு புள்ளிகளுக்கும் தனித்தனியே நேர்கோடு பொருத்தினோம். இடையிலுள்ள மூன்று புள்ளிகளை இரண்டிலும் சேர்க்கவில்லை.

```
κ = 4.1 + 65.6 C      (C < 7)
κ = 332.2 + 25.2 C    (C > 9.5)
C* = (332.2 − 4.1) / (65.6 − 25.2) = 8.12
```

மாறுநிலை மிசெல் செறிவு 8.1 ± 0.1 மில்லிமோலார், அதாவது லிட்டருக்குச் சுமார் 2.34 கிராம். 25 டிகிரியில் தூய எஸ்டிஎஸ்ஸுக்குப் பொதுவாக ஏற்கப்படும் மதிப்பு 8.2க்கு அருகில் உள்ளது. முதல் கோட்டின் வெட்டுத்துண்டு நீரின் 1.8ஐ விடச் சற்று அதிகமாக இருப்பது பிழையன்று. செறிவு கூடக்கூட மோலார் கடத்துத்திறன் மெல்லக் குறைவதால் உண்மையான கோடு இலேசாக வளைந்திருக்கிறது. அதன்மீது நேர்கோட்டை வைத்தால் தொடக்கம் மேலே தூக்கும்.

விவாதம்: எந்தப் புள்ளிகளைச் சேர்ப்பது?

முறிவு இடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளை எந்தக் கோட்டில் சேர்ப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான சாய்வைப் பார்த்தால், அது 66.1 → 63.1 → 52.9 → 32.1 → 27.1 → 25.4 என்று இறங்குகிறது. ஏறத்தாழ 7 முதல் 9.5 மில்லிமோலார்வரை நீளும் ஒரு வளைவு இது. ஆகவே மாறுநிலைச் செறிவு என்பது ஒரு குறுகிய பகுதி. அதற்கு ஒற்றை எண்ணை நாம் ஒரு வரையறையின்படி ஒதுக்குகிறோம்.

இதைச் சோதிக்க 7.407, 8.257 ஆகிய புள்ளிகளையும் முதல் கோட்டில் சேர்த்துப் பார்த்தோம். சாய்வு 64.6 ஆனது, வெட்டுப்புள்ளி 8.25க்கு நகர்ந்தது. அப்போதும் R² மதிப்பு 0.9996! அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் பொருத்தம் அருமை என்றுதான் சொல்வார். மீதங்களை வரைந்து பார்த்தால்தான் கடைசிப் புள்ளி கோட்டுக்குக் கீழே நன்றாகத் தொங்குவது தெரிகிறது. மறுபுறம் 8.257, 9.091 ஆகியவற்றை மேல் கோட்டில் சேர்த்தால் விடை 8.05. நாங்கள் கொடுத்துள்ள ± 0.1 இந்தத் தேர்விலிருந்து வந்தது. பியூரெட்டின் பிழை இதைவிடச் சிறியது.

புள்ளித் தேர்வைச் சார்ந்திராத ஒரு வழியும் உண்டு: சாய்வு, கீழ் மதிப்புக்கும் மேல் மதிப்புக்கும் நடுவே (45.4) வரும் செறிவைக் காண்பது. இடைச்செருகலில் 8.14 கிடைத்தது. இரண்டு வழிகளும் ஒத்துப்போவது ஆறுதல்.

அயனியாதல் அளவும் கிப்ஸ் ஆற்றலும்

சாய்வுகளின் விகிதத்தை மிசெலின் அயனியாதல் அளவு α எனக் கொள்வது வழக்கம்: 25.2/65.6 = 0.384. இதைக் கொண்டு,

```
ΔG = (2 − α) RT ln x
x = 8.12×10⁻³ / 55.34 = 1.47×10⁻⁴
ΔG = 1.616 × 2.479 × (−8.83) = −35.4 kJ/mol
```

ஆனால் இந்த விகிதம் மிசெலையே மின்னோட்டம் சுமக்காத பொருளாக நடத்துகிறது. மிசெல் பெரிதாயிருந்தாலும் பல மின்னூட்டங்களைத் தாங்கி நகரும் அயனிதான். அதையும் சேர்த்துக்கொள்ளும் எவன்ஸ் சமன்பாட்டில், திரள் எண் n = 62 எனவும் சோடியம் அயனியின் கடத்துத்திறன் λ = 50.1 எனவும் வைத்தால்:

```
S₂ = α² n^(2/3) (S₁ − λ) + α λ
25.2 = 242.9 α² + 50.1 α   →   α = 0.235
```

இந்த α, ஆற்றலை −38.6 கிலோஜூல்/மோல் ஆக்குகிறது. செறிவில் 0.1 மில்லிமோலார் பிழை ஆற்றலை 0.05 கிலோஜூல் அளவுக்கே அசைக்கிறது. α எடுக்கும் முறையோ மூன்று கிலோஜூலுக்கு மேல் அசைக்கிறது. ஆகவே இந்த மதிப்பைத் தசமத்தோடு எழுதும்போது எந்த α என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டால் அந்தத் தசமத்துக்குப் பொருளில்லை.

உப்பின் விளைவு

நீரையும் இருப்புக் கரைசலையும் 10.0 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் தயாரித்து அளவீட்டைத் திரும்பச் செய்தோம். இரண்டிலும் ஒரே அளவு உப்பு இருப்பதால் பின்னணிக் கடத்துத்திறன் நீர்த்தலால் மாறாது. ஆனால் அது 1180 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. அருகே இருப்பதால் முறிவு மங்கலாகிவிடுகிறது. கிடைத்த மதிப்பு 5.4 ± 0.2 மில்லிமோலார். எதிரயனிகள் கூடுதலாக இருப்பதால் தலைகளின் விலக்கம் மறைக்கப்பட்டு, திரள்வது எளிதாகிறது.

மொத்த சோடியம் செறிவு முதல் நிலையில் 8.12, இரண்டாவதில் 15.4. இவற்றை மடக்கை அளவில் ஒப்பிட்டால்:

```
log(8.12/5.4) / log(15.4/8.12) = 0.177/0.278 = 0.64
```

எதிரயனிகள் ஒட்டியிருக்கும் பங்கு இந்தச் சாய்வாக வெளிப்பட வேண்டும். சாய்வு விகிதத்திலிருந்து 1 − α = 0.62, எவன்ஸ் வழியில் 0.77. எங்கள் 0.64 முதலாவதை ஒட்டி நிற்கிறது. இரண்டே செறிவுகளை வைத்து இதில் தீர்ப்புச் சொல்வது அவசரம், 5.4இல் உள்ள ± 0.2 மட்டுமே இந்தச் சாய்வை 0.57 முதல் 0.71 வரை ஆட்டக்கூடியது. உப்பின் செறிவை 2 முதல் 50 மில்லிமோலார்வரை ஐந்து படிகளில் மாற்றினால் கோடு தெளிவாகும். உப்பு மிகுந்த பகுதியில் கடத்துத்திறன் முறை பயன்படாது. அங்கே பரப்பு இழுவிசையையோ சாய ஒளிர்வையோ நாட வேண்டியிருக்கும்.